தரகருக்கு 2 சதவீதமா, மொத்தத் தொகையா?

கேள்வி: திருச்சியில் அப்பா வாங்கிப் போட்ட 2,400 சதுர அடி மனையை நானும் தம்பியும் விற்க இருக்கிறோம். 48 முதல் 50 லட்சம் வரை போகும் என்கிறார்கள். ஒரு புரோக்கர் 2 சதவீதம் கேட்கிறார். இன்னொருவர், என்ன விலைக்குப் போனாலும் 60,000 ரூபாய் போதும் என்கிறார். சதவீதம் கொடுத்தால்தான் விலையை ஏற்றிப் பேசுவார் என்கிறான் தம்பி. நாற்பதாயிரம் மிச்சமாகுமே என்று எனக்குத் தோன்றுகிறது. யாரிடம் கொடுக்கலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் தம்பி சொல்வது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது. 48 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதக்காரருக்கு அன்றே 96,000 ரூபாய் உறுதி. இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, பத்துப் பேருக்கு மனையைக் காட்டி 50 லட்சத்துக்கு முடித்தால் அவருக்கு ஒரு லட்சம். உங்களுக்கு அந்த அலைச்சலில் இரண்டு லட்சம் கூடுகிறது, அவருக்கு நாலாயிரம். பெட்ரோல் செலவுக்கே சரியாகப் போய்விடும். அதனால்தான் முதல் நல்ல பார்ட்டி வந்ததும், "இதை விட்டால் வேறு ஆள் கிடைக்காது" என்று அவர் சொல்ல ஆரம்பிப்பார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவர் பக்கத்துக் கணக்கு அப்படி.

அந்த ஒரு லட்சமும் பெரும்பாலும் அவர் ஒருவருக்குப் போவதில்லை. வாங்குபவரைக் கூட்டி வருகிறவர் ஒருவர், அவருக்குத் தகவல் சொன்னவர் இன்னொருவர் என்று மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வது நம் ஊரில் சகஜம். அப்போது ஏற்றிப் பேசினால் கிடைக்கும் நாலாயிரம், ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு சொச்சம்.

இதை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ வட்டாரத்து வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டை விற்பதைவிடச் சராசரியாகப் பத்து நாள் அளவுக்குக் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள், சுமார் 3.7 சதவீதம் அதிக விலையும் பெறுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. உங்கள் மனைக்கு அதே விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும்.

சரி, அப்படியானால் 60,000 ரூபாய்க்காரரா? அவருக்கு 48-க்கும் 50-க்கும் நடுவில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அவர் இன்னும் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார். ஆனால் ஒரு நிலைமையில் அவர்தான் சரியான ஆள். பக்கத்து மனைக்காரரோ சொந்தக்காரரோ வாங்குவதாக ஏற்கெனவே விலை பேசி முடித்துவிட்டீர்கள், வில்லங்கச் சான்று எடுப்பது, பத்திரம் எழுத ஏற்பாடு செய்வது, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைவது மட்டும்தான் பாக்கி என்றால் மொத்தத் தொகை பேசுங்கள். அங்கே விலை ஏற்றும் வேலையே இல்லை, அதற்குச் சதவீதம் கொடுப்பது வீண். அதிலும் பணத்தைப் பத்திரப் பதிவன்று கொடுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் உங்கள் போனை எடுப்பதற்கே அவருக்குக் காரணம் இருக்காது.

வாங்குபவரைத் தேட வேண்டும் என்றால் மூன்றாவது வழி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 46 லட்சம் வரை 1 சதவீதம், அதற்கு மேல் வரும் தொகையில் 15 சதவீதம். 48-க்கு முடித்தால் அவருக்கு 76,000. 50-க்கு முடித்தால் 1,06,000. அதாவது கடைசி இரண்டு லட்சத்தால் அவருக்கு 30,000 கூடுகிறது. இதற்கு அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கூட்டி வருவார். 50-க்குப் போனால் அவருக்குக் கொடுத்தது போக உங்கள் கையில் 48,94,000 நிற்கும். 2 சதவீதக்காரர் 48-க்கு முடித்திருந்தால் 47,04,000 தான்.

இதில் உயிர்நாடி அந்த 46 என்ற எண். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், புரோக்கர் வாயால் வரக்கூடாது. 42 என்று தாழ்த்தி வைத்தால் தானாக வரவேண்டிய பணத்துக்கும் 15 சதவீதம் கொடுப்பீர்கள். அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துச் சந்தை விலையைச் சொல்ல முடியாது, பழைய பத்திரங்களில் இருக்கும் தொகையும் பல நேரங்களில் உண்மையான விலை அல்ல. அந்தத் தெருவில் மனை வாங்கப் போகிறவர் மாதிரி உங்கள் தம்பியை மூன்று புரோக்கர்களிடம் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் விலையில் பேரம் பேசினால் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் நிலவரம் புரியும்.

இதே யோசனை முற்றிப் போன வடிவம்தான் "நெட் ரேட்". "உங்களுக்கு இவ்வளவு வந்தால் போதும்தானே, மேலே வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். எங்கள் குடும்ப மனையை அப்படித்தான் 22 லட்சத்துக்குக் கொடுத்தோம். பதிவன்று டீக்கடையில் வாங்கியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவர் இருபத்தைந்தரை கொடுத்திருப்பது தெரிந்தது. மூன்றரை லட்சம் போனதைவிட, அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்ததுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றால், புரோக்கர் தன் ஆள் ஒருவர் பெயரில் சின்ன அட்வான்ஸ் கொடுத்து ஆறு மாத அக்ரிமென்ட் போடுவார். அதில் "அவர் அல்லது அவர் சொல்லும் நபர் பெயருக்குக் கிரயம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆறு மாதத்தில் அதிக விலைக்கு உண்மையான ஆளைப் பிடித்துவிடுவார். மனையைப் பார்க்க வந்தவர் ஒருவர், அட்வான்ஸ் கொடுப்பவர் வேறொருவர் என்றாலோ, வாங்குபவரை உங்களோடு நேரில் பேசவிடாமல் தடுத்தாலோ கையெழுத்துப் போடாதீர்கள். "விற்க வசதியாக இருக்கும், ஒரு பவர் கொடுங்கள்" என்றால் அதுவும் வேண்டாம்.

எந்தக் கணக்கை ஒப்புக்கொண்டாலும் ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கமிஷன் எந்த விலைக்கு என்பதில்தான் அதிகச் சண்டை வருகிறது. முழு விலையும் பத்திரத்தில் ஏறி, பணம் வங்கி வழியாக வந்தால் அந்தக் கேள்வியே எழாது. முழுத்தொகையும் கைக்கு வந்த பிறகு, பதிவன்றுதான் கமிஷன். எத்தனை பேர் பங்கு கேட்டு வந்தாலும் தொகை ஒன்றுதான். நீங்களே கண்டுபிடித்த ஆள் வாங்கினால் கமிஷன் கிடையாது. மூன்று மாதத்தில் முடியாவிட்டால் ஒப்பந்தம் தானாக விட்டுப்போகும். அப்புறம், வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். வாங்குவது வழக்கம்தான், ஆனால் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கமிஷனையும் வங்கி வழியாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள். மனை விற்ற லாபத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது விற்பனைக்காகக் கொடுத்த தரகைக் கழித்துக்கொள்ளலாம். மனை உங்கள் இருவருக்கும் உரியது என்பதால், அவரவர் பங்குக்குத் தனித்தனி ரசீதாகக் கேளுங்கள்.