செய்தி இல்லாமல் வந்த சி.வி. படமும் வேறு சில கேள்விகளும்

தென்னாப்பிரிக்க அரசு வேலைக்கு இசட் 83 விண்ணப்பப் படிவத்தோடு சான்றிதழ் நகல்களையும் முத்திரை வாங்கி அனுப்ப வேண்டுமா? (பீனிக்ஸ் வாசகி)

வேண்டாம். இப்போது நேர்முகத்துக்குத் தேர்வானவர்களிடம்தான் முத்திரையிட்ட நகல் கேட்கிறார்கள். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, விரிவான சி.வி.யோடு அனுப்புங்கள். விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள் அம்மா, பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

(கேள்வி இல்லை. சி.வி.யின் ஒரு பக்கம், படமாக. சாட்ஸ்வொர்த்திலிருந்து)

படம் வந்தது தம்பி. எழுத்தின் மேல் கட்டைவிரல் நிழல், வலது ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. என்ன வேண்டும் என்று ஒரு வரி இல்லை. எனக்கு வருவதில் பாதி இப்படித்தான் வருகிறது. பிழை பார்ப்பது, கருத்துச் சொல்வது, மாற்றி எழுதுவது மூன்றும் வேறு வேறு வேலை. நான் எதைச் செய்வது?

உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு வரி, தமிழில் சொன்னால்: 'கிடங்கில் சரக்குப் பொறுப்பு, 2109 முதல் இன்றுவரை.' பிழை பார்ப்பதென்றால் 2109, 2019தானா என்று உங்களிடம் கேட்டுத் திருத்துவேன். வாக்கியத்தைத் தொடமாட்டேன். பத்து நிமிட வேலை.

கருத்து என்றால் எனக்கு வேலை விளம்பரமும் வேண்டும். அதில் ஃபோர்க்லிஃப்ட் உரிமம் கேட்டிருந்தால், அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் உங்கள் உரிமத்தை மேலே ஏற்றச் சொல்வேன். 'பொறுப்பு' என்பதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியவில்லை என்பேன். மாற்றுவது நீங்கள்தான்.

மாற்றி எழுத, உங்களோடு ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். உங்களுக்குக் கீழே எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை லாரி, சரக்கை எண்ணும்போது கணக்கு எவ்வளவு இடித்தது என்றெல்லாம் கேட்பேன். கேட்காமல் நானே எழுதிவிட்டால், நேர்முகத்தில் 'இதை எப்படிச் செய்தீர்கள்?' என்றதும் முழிக்கப்போவது நீங்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் கடிதத்தை அப்படி முழுக்க மாற்றிக் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது எழுத்துப்பிழை பார்ப்பது மட்டும். மாலையோடு கெடு முடிந்துவிட்டது.

அதனால் மூன்றில் எது, என்ன வேலை, என்றைக்குக் கெடு என்று எழுதுங்கள். படத்தில் திருத்த முடியாது, கோப்பையே அனுப்புங்கள். எத்தனை தடவை சொன்னாலும் தகும்: அடையாள எண்ணை மறையுங்கள். 13 இலக்கத்தில் முதல் ஆறு உங்கள் பிறந்த தேதி.

பிழை பார்க்கச் சொன்னேன், தோழி முழுவதையும் மாற்றிவிட்டாள். எதை அனுப்புவது? (மிட்ராண்ட்)

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரக்கப் படியுங்கள். வாயில் வராத வரிக்குப் பதில் உங்கள் பழைய வரியே இருக்கட்டும். பிழைத்திருத்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியான ஸ்பெல்லிங்குக்கும் கணினி சிவப்புக் கோடு போடுகிறது. (டோங்காட்)

மொழி அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். அப்புறம், நீங்கள் அனுப்பிய பக்கத்திலும் அடையாள எண் பளிச்சென்று தெரிகிறது.