நானும் என் நாயும் நடக்கிறோமா, நடக்கின்றனவா?

> "'நானும் என் நாயும் நடக்கிறோம்' சரியா? நாய் அஃறிணை ஆச்சே. 'தாத்தாவும் நாயும்' என்றால் என்ன முடிவு போடுவது?"

முதலாவது சரி. தொல்காப்பியமே இதற்கு இடம் தருகிறது. உரையில் வரும் உதாரணம் "யானும் என் எஃகமும் சாறும்". எஃகம் என்பது வேல். சாறும் என்பது 'போதுமானவர்கள் ஆவோம்' என்று பொருள்படும் தன்மைப் பன்மை வினை. உயிரே இல்லாத வேலே கூட வரும்போது நாய் வரக்கூடாதா?

காரணம், 'ஓம்' விகுதி திணையைச் சொல்வதே இல்லை. கூட்டத்தில் பேசுபவர் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறது. இல்லையென்றால் அடுத்து கேட்பவர்: 'நீயும் அவனும் வந்தீர்கள்'. இரண்டு பேரும் இல்லாதபோதுதான் படர்க்கை. அங்கே 'ஆர்கள்', 'அன' என்று திணையைத் தேர்ந்தே ஆகவேண்டும். 'அவனும் அவளும் வந்தார்கள்' என்பதில் பால் பலர்பாலில் கரைந்துவிடுகிறது. திணை அப்படிக் கரையாது. தாத்தாவும் நாயும் இடிப்பது அதனால்தான்.

சோதிக்க, இருவரையும் ஒரே பிரதிப்பெயரால் சொல்லிப் பாருங்கள். நாங்கள், நாம், நீங்கள் என்று எது பொருந்துகிறதோ அதற்கேற்ற வினை. 'அவர்கள்', 'அவை' இரண்டுமே உறுத்தினால் 'தாத்தா நாயோடு நடக்கிறார்' என்று மாற்றிவிடுங்கள். நன்னூல் சிறப்புக் கருதி உயர்திணை முடிவையும் ஏற்கும், ஆனால் எனக்கு இதுதான் காதுக்கு இதம்.

ஒன்று, இதெல்லாம் 'உம்'முக்குத்தான். 'நானோ அவனோ' என்பது கூட்டல் இல்லை. அங்கே 'வரவேண்டும்' என்று நழுவுவதே நல்லது.