ஒரே லோகோவில் மூன்று ஆப்: எது உங்கள் வங்கியுடையது?

கேள்வி: புதுப் போனில் ஏற்றுவதற்காக பிளே ஸ்டோரில் என் வங்கியின் பெயரைத் தேடினேன். ஒரே லோகோவோடு மூன்று ஆப் வருகிறது. எது அசல்?

பதில்: அந்தப் பட்டியலிலிருந்து எதையுமே எடுக்காதீர்கள். பெயர், லோகோ, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் யாரும் நகலெடுக்கலாம். உச்சியில் நிற்பது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகக்கூட இருக்கும்.

கார்டிலோ வங்கி தந்த தாளிலோ அச்சாகியிருக்கும் இணைய முகவரியை பிரவுசரில் நீங்களே டைப் செய்யுங்கள். அந்தத் தளத்திலுள்ள பிளே ஸ்டோர் பொத்தானைத் தட்டினால் திறக்கும் பக்கத்தை மட்டும் நம்பலாம். ஏற்கெனவே ஒன்றை இறக்கிவிட்டீர்கள் என்றால், ஸ்டோரில் அதன் பக்கத்துக்குப் போய் ஷேர் கொடுத்து லிங்கை காப்பி செய்து ஒரு குறிப்பில் ஒட்டுங்கள். வங்கித் தளம் திறந்துவிட்ட பக்கத்தின் லிங்கையும் அதன் கீழே ஒட்டுங்கள்.

```
id=com.example.mobile
id=com.example.mobiie
```

`id=` தொடங்கி, `&` குறி இருந்தால் அதுவரை, எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இங்கே இரண்டாவது வரியில் `l` இருக்க வேண்டிய இடத்தில் `i` இருக்கிறது. ஒரே ஸ்டோரில் இரண்டு ஆப்புக்கு ஒரே அடையாளம் கிடைக்காது. ஐபோனில் லிங்கில் `id`யை ஒட்டி வரும் எண்ணைப் பாருங்கள்.

டெவலப்பர் பெயரைப் பார்த்தால் போதும் என்பார்கள். போதாது. சில அசல் ஆப்கள் தாய் நிறுவனத்தின் பெயரிலோ, செய்து கொடுத்த மென்பொருள் நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். அதனால் பெயர் வேறாக இருப்பதாலேயே போலி என்று அழித்துவிட வேண்டாம். வங்கிப் பெயரே இருப்பதால் அசல் என்றும் நம்ப வேண்டாம். இரண்டு குழப்பத்தையும் தீர்ப்பது அந்த `id` வரிதான்.

டவுன்லோடு எண்ணிக்கையும் நட்சத்திரமும் சாட்சி ஆகாது. வாலட்கனெக்ட் என்பது கிரிப்டோ வாலட்டையும் கிரிப்டோ தளங்களையும் இணைக்கும் நெறிமுறை. தனி வாலட் அல்ல. அந்தப் பெயரில் ஒரு போலி 2024இல் சுமார் ஐந்து மாதம் பிளே ஸ்டோரில் இருந்தது. 10,000 டவுன்லோடைத் தாண்டியது, பொய் விமர்சனங்களோடு. ஏறக்குறைய 70,000 டாலர் மதிப்புள்ள கிரிப்டோவைச் சுருட்டியது. பரிசோதனைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டது ஒரு சாதுவான கால்குலேட்டர். சோதித்துத்தான் அனுமதிக்கிறோம் என்று ஸ்டோர்கள் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

'நானே ஏற்றித் தருகிறேன்' என்று போனைக் கேட்கும் கடைக்காரரிடமும், லிங்க் அனுப்பும் 'கஸ்டமர் கேர்' ஆளிடமும் ஒதுங்கியே இருங்கள். லிங்க் ஸ்டோருக்கே போனாலும் அங்கே காத்திருப்பது போலியாக இருக்கலாம். திரையைப் பகிரச் சொன்னால் அந்த நொடியே போனை வையுங்கள்.

போலியில் பின் நம்பரைப் போட்டுவிட்டீர்களா? ஆப்பை அழிப்பதற்கு முன்பே கார்டின் பின்புறமுள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கை முடக்குங்கள். கிரிப்டோ வாலட்டை மீட்க உதவும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கொடுத்திருந்தால் ஆப்பை நீக்கிப் பயனில்லை. வேறொரு போனில் அசல் ஆப்பில் புதிய சொற்களோடு புது வாலட் தொடங்கி, மிச்சமிருப்பதை உடனே அங்கே மாற்றுங்கள்.