தப்பான விடையும் ஆப்ஷனில் இருப்பது ஏன்?

"மோல் கணக்கில் நான் போட்டு எடுக்கும் விடை ஆப்ஷனில் அப்படியே இருக்கிறது. ஆனாலும் தப்பு என்கிறார்கள். அது எப்படி?"

அந்த ஆப்ஷன்களை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் நீட்டுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு தப்புக்கு ஒரு மதிப்பெண் போகிற இடம்.

நான் அடிக்கடி வைக்கும் கேள்வி இது. 5.4 கிராம் அலுமினியம், தேவைக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 0°C, 1 வளிமண்டல அழுத்தத்தில் எத்தனை லிட்டர் ஹைட்ரஜன் வரும்? ஆப்ஷன்கள் 2.99, 4.48, 6.72, 13.44.

27-ஆல் வகுத்தால் அலுமினியம் 0.2 மோல். இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. சமன்பாட்டைச் சமன் செய்யாமலே ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தால் 0.2 × 22.4, அதாவது 4.48. சமன் செய்ய வேண்டும் என்று தெரிந்தும் AlCl₃-ஐ AlCl₂ என்று எழுதிவிட்டால் Al + 2HCl → AlCl₂ + H₂ என்று அழகாகச் சமனாகிவிடும். அப்போதும் அதே 4.48தான். கீழே இருக்கும் எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடுகிறது. முன்னால் போடும் எண்ணை மட்டும்தான் தொடலாம்.

அடுத்தது Al + 3HCl → AlCl₃ + 3H₂ என்று எழுதுபவர்கள். குளோரின் சரியாக வந்துவிட்டது என்ற நிம்மதியில், வலப்பக்கம் ஹைட்ரஜன் ஆறாகிவிட்டதைக் கவனிக்க மாட்டார்கள். இவர்களுக்கு 13.44.

சரியான சமன்பாடு 2Al + 6HCl → 2AlCl₃ + 3H₂. இதை எழுதியும், அவசரத்தில் 3/2-க்குப் பதில் 2/3-ஆல் பெருக்கினால் 2.99. ஒழுங்காகப் பெருக்கினால் 0.3 மோல், 6.72 லிட்டர்.

குறிப்பதற்கு முன் எலக்ட்ரானை எண்ணிப் பாருங்கள். ஒரு அலுமினியம் மூன்று எலக்ட்ரான் தருகிறது, ஒரு H₂ உருவாக இரண்டு போதும். ஆக ஹைட்ரஜன் மோல், அலுமினிய மோலைவிட ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக வரும் 2.99, 4.48 இரண்டும் அடிபடும். மூன்று மடங்கு காட்டும் 13.44-உம் நிற்காது.

22.4 பழைய கணக்கு, 1 பார் என்றால் 22.7 என்று சிலர் கிளம்புவார்கள். தெரியும். அதனால்தான் அழுத்தத்தைக் கேள்வியிலேயே எழுதியிருக்கிறேன்.

மாணவர்களை ஏமாற்றுவதா என்றும் கேட்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த பயிற்சி மையத்தில் கேள்விக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணித்தான் காசு. சரியான விடையை எழுதிவிட்டு, பக்கத்தில் 5, 10, 50 என்று வாய்க்கு வந்ததை நிரப்பிக் கொடுத்தவர்களுக்கும் அதே காசு. அந்தத் தாளில் தப்பாகக் கணக்குப் போட்ட பையன் தன் விடை ஆப்ஷனில் இல்லாததைப் பார்த்துத் திரும்பப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். AlCl₂ என்று எழுதும் பழக்கம் மட்டும் அவனோடு அப்படியே இருக்கும்.