பெருவிரல் மூட்டு வலிக்கு எந்த ஷூ?

கேள்வி: எனக்கு வயது 48. நடக்கும்போது வலது காலின் பெருவிரலை ஊன்றி உந்தும் நேரத்தில் மட்டும் மூட்டின் மேல்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. விரலை மேல்நோக்கி வளைத்தால் பாதியிலேயே இறுகி நின்றுவிடுகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், தேய்மானம் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, முதலில் ஷூவை மாற்றுங்கள் என்றார். கடைக்காரர் கையில் சுருட்டிக் காட்டும் அளவுக்கு மிருதுவான ஷூவைப் பரிந்துரைக்கிறார். நண்பரோ கார்பன் தகடு வைத்த ஓட்டப்பந்தய ஷூதான் சரி என்கிறார். இணையத்தில் தனியாகக் கார்பன் இன்சோலும் விற்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் காட்டியதை வாங்காதீர்கள். சுருட்ட முடிகிற ஷூ உங்கள் மூட்டுக்கு எதிரி. குதிகால் தரையைவிட்டு எழும்போது உடலின் எடை முன்பாதத்துக்கு வருகிறது. பெருவிரல் அடிமூட்டில் மேல்நோக்கி வளைகிறது. இயல்பான மூட்டு 60 பாகைக்கும் மேல் வளையும். உங்கள் மூட்டின் மேல்விளிம்பில் சிறு எலும்புத் துருத்தல் வளரத் தொடங்கியிருக்கலாம். விரல் வளையும்போது இரண்டு எலும்புகளும் அந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன. சுருக்கென்ற வலி அதனால்தான். ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது மெத்தை இல்லை, அந்த இடத்தில் மடியாத அடிப்பாகம். குஷன் இருந்தால் தவறில்லை, ஆனால் அது தீர்வும் இல்லை.

அடிப்பாகம் மடியவில்லை என்றால் நடப்பது எப்படி? அதற்குத்தான் ராக்கர் சோல். ஷூவின் அடிப்பக்கம் முன்னால் மேல்நோக்கி வளைந்திருக்கும். விரல் மடங்க வேண்டிய நேரத்தில் ஷூ முழுதாக முன்னால் உருண்டுவிடும். விறைப்பும் இந்த உருளலும் சேர்ந்திருக்க வேண்டும். விறைப்பு மட்டும் இருந்தால் பலகையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடும். குதிகால் ஷூவைவிட்டுக் கழன்று கழன்று வரும்.

கடையில் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஷூவின் குதிகாலை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து அழுத்துங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் எளிதாக மடிந்தால் அந்த ஷூ வேண்டாம். தேறினால், சமதளமான மேசைமேல் வைத்து, நுனியின் அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். அது எங்கே தட்டி நிற்கிறதோ, உருளல் தொடங்குவது அங்கேதான். ஷூவைப் போட்டுக்கொண்டு மூட்டு எங்கே வருகிறது என்று மேலிருந்து தடவிப் பாருங்கள். உதாரணமாக உங்கள் மூட்டு ஷூ நுனியிலிருந்து 7 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு 4 செ.மீ.தான் உள்ளே போகிறது என்றால், ஷூ உருளத் தொடங்கும் முன்பே மூட்டில் அழுத்தம் ஏறிவிடும். 8 செ.மீ. வரை போனால், அதாவது உருளல் மூட்டுக்குச் சற்றுப் பின்னாலேயே தொடங்கினால், அந்த ஷூவைப் போட்டு நடந்து பார்க்கலாம். தடித்த நுரை அடிப்பாகத்தோடு இப்போது வரும் நடைப்பயிற்சி ஷூக்களில் சில இந்தச் சோதனையில் தேறும், சில தேறாது. விளம்பரத்தில் 'ராக்கர்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வளைவு ஷூவின் வெளிப்பக்கம் அடியில் இருந்தால் போதும். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளே கைவிட்டுப் பாருங்கள். விரல் பகுதி உள்ளேயும் கணிசமாக மேலேறி இருந்தால், நிற்கும்போதுகூட விரல் மேல்நோக்கித் தள்ளப்பட்டபடியே இருக்கும். மேல்விளிம்பில் முட்டுகிற மூட்டுக்கு அது ஓயாத தொந்தரவு. நண்பர் சொல்லும் பந்தய ஷூவில் எனக்குள்ள தயக்கம் இதுதான். அதில் விறைப்பு உண்டு, உருளலும் உண்டு. ஆனால் தகடே வளைந்திருக்கும், முன்பக்கம் பெரும்பாலும் குறுகலாக இருக்கும், வேகமாக ஓடுவதற்கென்று செய்தது. தினசரி நடைக்கு அந்த விலை தண்டம். ஹீல் உயர்ந்த காலணியும் விரலை இப்படியே மேல்நோக்கி வைத்திருப்பதால் அதுவும் வேண்டாம்.

இணையத்தில் பார்த்த இன்சோல் உங்களுக்குப் பயன்படலாம், முக்கியமாக ஏற்கெனவே வைத்திருக்கும் ஷூவை வீணாக்காமல் இருக்க. தகடு பெருவிரலின் நுனிவரை நீள வேண்டும். மூட்டுக்கு முன்பே முடிகிற முக்கால் நீள இன்சோல் உள்ளங்கால் வளைவைத் தாங்குமே தவிர, விரல் மடங்குவதைத் தடுக்காது. தட்டையான தகடாகப் பாருங்கள். ஷூவின் சொந்த இன்சோலை எடுத்துவிட்டு, தகட்டை அடியில் வைத்து, இன்சோலை அதன்மேல் திரும்பப் போடுங்கள். தகடு மெல்லியதுதான், ஆனாலும் ஷூவின் உள்ளே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துருத்தலின்மேல் ஷூ அழுத்தினால் ஒரு வலி போய் இன்னொன்று வரும். அதனால் விரல் பகுதி உயரமாக உள்ள, மூட்டின்மேல் தையல் ஓடாத ஷூவாகத் தேர்ந்தெடுங்கள். மூட்டுக்கு நேர்மேலே உள்ள துளைகளில் கயிறு கோக்காமல் விட்டாலும் அழுத்தம் குறையும்.

வலி ஒரு காலில்தான் என்றால் தகடும் ஒரு காலுக்குப் போதும். ராக்கர் ஷூ மட்டும் இரண்டு கால்களுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முதல் சில நாள் அரை மணி, ஒரு மணி என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள்; அடிப்பாகம் அழுக்காகாமல் இருந்தால் திருப்பிக் கொடுப்பதும் எளிது. படி இறங்கும்போது நிதானம் தேவை, ஷூ முன்னால் தள்ளும். தடுமாற்றம் உள்ளவர்களுக்கு ராக்கரைவிடத் தகடே பாதுகாப்பு. வீட்டில் வலியோடு வெறுங்காலில் நடப்பதைவிட, அடிப்பாகம் கெட்டியான செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரியான ஷூ என்றால் உந்தும் நேரத்து வலி சில வாரங்களில் தெளிவாகக் குறைய வேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பிலோ இரண்டாம் விரலின் அடியிலோ புதிதாக வலி வந்தால், நீங்கள் பெருவிரலைத் தவிர்த்துக் காலைச் சாய்த்து ஊன்றுகிறீர்கள். உருளல் தொடங்கும் இடத்தை மறுபடி சோதியுங்கள். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஷூவும் வளர்க்காது, வளர்க்கும் என்று சொல்லி விற்கும் காந்த இன்சோலும்தான். விரலிடுக்கில் வைக்கும் சிலிகான் பிரிப்பான்கள் விரல் சாய்ந்து போனவர்களுக்கானவை, உங்கள் சிக்கல் வேறு.

ஆறேழு வாரம் போட்டும் மாற்றமில்லை, அல்லது ஓய்விலும் வலிக்கிறது என்றால் மறுபடி மருத்துவரிடம் போங்கள். துருத்தலை மட்டும் செதுக்கி எடுக்கும் அறுவை சிகிச்சை முதலாகப் பல வழிகள் உண்டு. ஓர் இரவில் மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் வீங்கினால், அது கவுட் வாதமாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். அப்போது ஷூ தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.