மூன்று கடனை ஒன்றாக்கினால் லாபமா?

*"பர்சனல் லோன் பாக்கி 1,60,000 ரூபாய், தவணை 7,830, இன்னும் 24 மாதம். பைக் லோன் பாக்கி 30,000. தவணை 3,200, 10 மாதம். கார்டில் தவணையாக மாற்றிய பாக்கி 60,000. தவணை 5,500, 12 மாதம். மூன்றையும் அடைக்க 2,50,000 தருவதாக ஒரு வங்கியில் சொல்கிறார்கள். வட்டி 13 சதவீதம், செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், 5 வருடம், தவணை 5,690தான். வாங்கலாமா?"*
– வாசகி, திருப்பூர்

இந்த 5 வருடக் கடன் வேண்டாம், சகோதரி.

ஒவ்வொரு தவணையையும் மீதி மாதங்களால் பெருக்கிக் கூட்டுங்கள். இனி நீங்கள் கட்டப்போவது 2,85,920 ரூபாய். புதுக் கடனில் 5,690 ரூபாயை 60 மாதம் கட்டினால் 3,41,400. செயலாக்கக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 5,900. பர்சனல் லோனை முன்கூட்டியே முடிக்க உங்கள் ஒப்பந்தத்தில் 4 சதவீதம் போட்டிருந்தால், ஜிஎஸ்டி சேர்த்து இன்னொரு 7,552. ஆக மொத்தம் 3,54,852. கிட்டத்தட்ட 69,000 ரூபாய் கூடுதல். மற்ற இரண்டு கடனுக்கும் அபராதம் உண்டென்றால் இன்னும் ஏறும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு தந்தால் கைக்கு 2,44,100தான் வரும். பழைய கடன்களை முடிக்கத் தேவை 2,57,552. துண்டு விழும் 13,452 ரூபாய்க்கு நீங்கள் வேறெங்கோ கைநீட்ட வேண்டியிருக்கும்.

24 மாதத்தில் கட்டுவதாக எடுத்தால்? தவணை 11,885. கட்டணங்களோடு மொத்தம் 2,98,692. அப்போதும் சுமார் 12,800 ரூபாய் நஷ்டம்தான். வட்டி குறைந்தும் ஏன் இப்படி என்றால், 10 மாதத்திலும் 12 மாதத்திலும் முடியவிருந்த இரண்டு சின்னக் கடன்களையும் 24 மாதத்துக்கு இழுத்து, அத்தனை மாதமும் வட்டி கட்டுகிறீர்கள். மேலே கட்டணம் வேறு.

இப்போது மாதம் 16,530 கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் 10 மாதத்தில் அது 13,330 ஆகும். ஒரு வருடம் முடிந்தால் 7,830தான். அதுவரை நகையை அடகு வைக்காமல், சீட்டுப் பணத்தைத் தொடாமல் தாக்குப்பிடிக்க முடிந்தால் எதையும் ஒன்றாக்காதீர்கள். தவணை தவறிவிடும் நிலைமை என்றால் மட்டும் 36 மாதக் கடனாகக் கேளுங்கள். தவணை சுமார் 8,420 வரும். மொத்தத்தில் 31,000 ரூபாய் போல அதிகம் போகும். மூச்சுவிட அவகாசம் கிடைப்பதற்கான விலை அது என்று தெரிந்தே எடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு அதைத் தருவது கட்டாயம். அதில் ஏபிஆர், அதாவது கட்டணமும் சேர்ந்த வருட வட்டி விகிதம், போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள்: செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்தால், 24 மாதக் கடனில் அந்த 13 சதவீதம் 15-ஐத் தாண்டியிருக்கும். பழைய கடனை முடிக்கும் அபராதம் அந்தத் தாளில் வராது. அதற்கு மூன்று இடத்திலும் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.