ஸ்டாலை கேன்சல் செய்தால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் சின்ன அளவில் உலோக உதிரிபாகங்கள் தயாரிக்கிறோம். ஒரு தொழில் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் புக் செய்து பாதிப் பணம் கட்டினோம். திடீரென்று பெரிய ஆர்டர் வந்ததால் போக முடியாத நிலை. கண்காட்சிக்கு 94 நாள் இருக்கும்போது அவர்களுடைய விற்பனை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னோம். “சரி, ஒரு மெயில் போட்டுடுங்க” என்றார். வேலைப் பளுவில் 87 நாள் இருக்கும்போதுதான் மெயில் அனுப்பினோம். இப்போது மீதிப் பாதியும் கட்டச் சொல்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தாத ஸ்டாலுக்கு முழுப் பணம் எதற்கு? கட்டிய அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அட்வான்ஸ் திரும்பக் கிடைப்பது கடினம். ஆனால் மீதிப் பாதியைக் கேட்டவுடன் கட்டிவிடாதீர்கள். அதை மறுத்துப் பேச உங்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

நீங்கள் அனுப்பிய தாள்களில் முக்கியமானது இன்வாய்ஸ் அல்ல, முதலில் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம். அதன் அடியில் பொடி எழுத்தில் “பொது விதிமுறைகளைப் படித்து ஏற்கிறேன்” என்று இருக்கிறது. அந்த ஒரு வரியால், தனியாக இருக்கும் விதிமுறைப் புத்தகம் முழுவதும் ஒப்பந்தத்துக்குள் வந்துவிடுகிறது. அமைப்பாளர் ஸ்டால் எண்ணை ஒதுக்கி உறுதிக் கடிதம் அனுப்பியதும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆகவே ‘படிக்கவில்லை’ என்ற வாதம் எங்கேயும் எடுபடாது.

அந்தப் புத்தகத்தில் கேன்சல் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. கண்காட்சிக்கு 180 நாளுக்கு மேல் இருந்தால் மொத்தத்தில் 25 சதவீதம், 180 முதல் 90 நாள் வரை 50 சதவீதம், 90 நாளுக்குக் கீழே 100 சதவீதம். தொழில் கண்காட்சிகளில் இப்படிப் படி வைப்பது வழக்கம்தான். தேதி நெருங்க நெருங்க அந்த இடத்தை வேறொருவருக்கு விற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். உங்கள் வழக்கு 90 நாள் என்ற கோட்டின் இரு பக்கத்திலும் கால் வைத்து நிற்கிறது. 94ஆம் நாள் என்று எடுத்தால் 50 சதவீதம், 87ஆம் நாள் என்றால் முழுத் தொகை.

எந்த நாளைக் கணக்கில் எடுப்பது என்பதை ‘அறிவிப்பு’ என்ற பிரிவு சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அது, “எழுத்துமூலமாக, அமைப்பாளருக்குக் கிடைத்த நாளிலிருந்து” என்கிறது. இமெயில் என்றோ பதிவுத் தபால் என்றோ சொல்லவில்லை. இது உங்களுக்குச் சாதகம். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், அலுவலர் பதில் போட்டதால் கிடைத்ததும் உறுதி. ஆனால் அதே பதில் உங்களுக்கு எதிராகவும் திரும்பும். “மெயில் போட்டுடுங்க” என்றது, வாட்ஸ்அப் போதாது என்று சொன்னதற்குச் சமம் என்று அவர்கள் வாதிடுவார்கள். என் கணிப்பில் உங்கள் பக்கம்தான் சற்றுக் கனம் அதிகம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். இந்திய நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவைக் காட்ட அதற்கான சான்றிதழ் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, மூலச் செய்தி கையில் இருப்பது நல்லது.

சரி, 87ஆம் நாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 100 சதவீதம் அப்படியே நிற்குமா என்பது அடுத்த கேள்வி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74 இதற்கு இடம் தருகிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். இழப்பே இல்லாத இடத்தில் இந்தப் பிரிவின்படி பணம் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2015இல் சொல்லியிருக்கிறது. அமைப்பாளர் தரப்பிலும் ஒரு நல்ல வாதம் உண்டு. நீங்கள் ஒப்பந்தத்தை மீறவில்லை, விதியில் உள்ள கேன்சல் உரிமையைப் பயன்படுத்தினீர்கள், அதற்கான விலைதான் இந்தத் தொகை என்பார்கள். இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றும் ஒப்பந்தமாக இருந்தால் இந்த வாதம் இன்னும் வலுவானது. வெளிநாட்டுக் கண்காட்சிக்குக் கையெழுத்திடும்போது எந்த நாட்டுச் சட்டம் என்ற வரியை முதலில் தேடச் சொல்வது இதனால்தான்.

அப்புறம், பில்லைப் பிரித்துப் பாருங்கள். மொத்தத்தை 100 என்று வைத்தால், வெறும் இடத்துக்கு 70, சுவர்ப் பலகை, கார்பெட், மேசை, விளக்கு எல்லாம் சேர்ந்த ஷெல் ஸ்கீமுக்கு 13, இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டால் என்பதற்கு 7, மின் இணைப்புக்கு 6, பதிவுக் கட்டணம் 4. இதில் ஷெல் ஸ்கீமும் மின் இணைப்பும் இன்னும் செய்யப்படாத வேலைகள். கண்காட்சிக்கு முந்தைய சில நாட்களில்தான் அந்தப் பலகைகள் எழும். அந்த 19க்கு என்ன செலவு ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

மீதமுள்ள 81இல் முக்கியக் கேள்வி, அந்த ஸ்டால் மறுபடி விற்றதா என்பது. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். அமைப்பாளரின் இணையதளத்தில் ஹால் வரைபடம் இருந்தால், உங்கள் எண்ணில் இன்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தேதியோடு சேமித்து வையுங்கள், வாராவாரம் பாருங்கள், கண்காட்சி நாளில் தெரிந்தவர் யாரையாவது விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்து வேறு நிறுவனம் நின்றிருந்தால், உங்களிடமும் முழுத் தொகை கேட்பது நியாயம் ஆகாது. “மறுவிற்பனை ஆனாலும் கட்டணம் குறையாது” என்று விதிமுறையில் எழுதியிருந்தாலும் பிரிவு 74 முன் அது கடைசி வார்த்தை அல்ல. ஆனால் கவனம்: காலி இடம் தெரியாமலிருக்க அமைப்பாளர்கள் அதை ஓய்வறை போலவோ நாற்காலி போட்ட மூலையாகவோ மாற்றிவிடுவதுண்டு. அதில் அவர்களுக்கு வருமானம் இல்லை, உங்கள் வாதமும் அங்கே தளரும்.

வழக்கு வரை போவதை நான் பரிந்துரைக்கவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் முன் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயப் பிரிவு இருக்கிறது, அது நடப்பதும் அமைப்பாளரின் ஊரில். ஒரு சின்ன ஸ்டாலின் பாதிக் கட்டணத்துக்காக அந்தச் செலவு இருவருக்குமே கட்டாது. வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையம் போவதும் எளிதல்ல.

இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். 94ஆம் நாளே தெரிவித்துவிட்டோம், அதன்படி 50 சதவீதம் கட்டியாகிவிட்டது, அதோடு கணக்கை முடித்துக்கொள்வோம் என்று எழுதுங்கள். பில்லின் பிரிப்பும் ஸ்டாலின் இன்றைய நிலையும் கேளுங்கள். “எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்ற சொற்கள் மேலே இருக்கட்டும். மாற்று வழியாக, கட்டிய பணத்தில் ஒரு பகுதியை அடுத்த முறை நடக்கும் கண்காட்சியின் ஸ்டாலுக்கு வரவு வைக்கலாமா என்றும் கேளுங்கள். வாடிக்கையாளரை இழக்காமலிருக்க அமைப்பாளர்கள் பலர் இதற்கு இசைவார்கள். அவர்கள் சம்மதத்தோடு வேறொரு தயாரிப்பாளரை உங்கள் இடத்தில் நிறுத்துவதும் ஒரு வழிதான். சம்மதம் இல்லாமல் யாருக்கும் ஸ்டாலைக் கைமாற்றாதீர்கள், அது தனி ஒப்பந்த மீறல்.

கடிதம் அனுப்பும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் புக் செய்த பிறகு கண்காட்சியின் தேதியையோ ஹாலையோ அவர்கள் மாற்றினார்களா? மாற்ற உரிமை உண்டு என்று விதிமுறையில் இருக்கும். ஆனால் எவ்வளவு தூரம் மாற்றலாம், அப்போது நீங்கள் விலகலாமா என்பதையும் அதே பிரிவு சொல்லும். அப்படி ஒரு மாற்ற அறிவிப்பு உங்கள் மெயிலில் கிடந்தால், மேலே சொன்ன கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். அதை எனக்கு அனுப்புங்கள்.